வளவு, சாளை, காடு: கொங்குச் சொல்லுக்கு வேர் தேட எந்த அகராதி?

கொங்கு நாட்டில் இப்போது ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கோயில் கும்பாபிஷேக மலருக்கு, குலதெய்வக் கோயில் வெளியீட்டுக்கு, இல்லையென்றால் பேரன் பேத்திகள் தெரிந்துகொள்ளட்டும் என்று தனிக் குறிப்பேட்டில். எழுதத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு சொல் வழிமறிக்கும். 'வளவு' என்கிறோமே, அது ஏன் தெரு இல்லை? தோட்டத்து வீட்டுக்குச் சாளை என்று ஏன் பெயர்? மரமே இல்லாத சோளக்கொல்லையை எதற்குக் காடு என்கிறோம்? உடனே யாராவது ஒரு வேர்ச்சொல்லைச் சொல்லிவிடுவார்கள். அது மலரில் அச்சாகிவிடும். அடுத்த மலர்க்காரர் அதைப் பார்த்து எழுதுவார்.

இதைச் சரிபார்க்க நமக்குக் கிடைப்பவை முக்கியமாக நான்கு. பெருமாள்முருகன் தொகுத்து 2000இல் வந்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டுப் பின்னிணைப்பும் சேர்த்த தமிழ் லெக்சிகன் இரண்டாவது. தேவநேயப் பாவாணர் தொடங்கிவைத்த தமிழ்நாட்டு அரசின் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலி மூன்றாவது. பரோவும் எமனோவும் சேர்ந்து 1961இல் வெளியிட்டு, 1984இல் திருத்திப் பெருக்கிய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி நான்காவது.

நான்கையும் ஒரே வேலைக்கான நான்கு கருவிகள் என்று நினைப்பதுதான் முதல் சிக்கல். முதலாவது 'இன்றைக்கு இங்கே என்ன பொருள்' என்பதைச் சொல்கிறது. இரண்டாவது 'எந்த நூலில் என்ன பொருளில் வந்திருக்கிறது' என்கிறது. மூன்றாவது 'எந்த வேரிலிருந்து கிளைத்தது' என்று ஒரு முடிவைத் தருகிறது. நான்காவது முடிவு எதையும் சொல்வதில்லை. உறவுமொழிச் சொற்களை ஒரே இடத்தில் அடுக்கிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பிறப்பைப் பற்றிய கேள்விக்கு நான் கடைசியாகச் சொன்னதைத்தான் நம்புகிறேன். ஆனால் அதை முதலில் திறக்கக் கூடாது. ஏன் என்று ஒரு சொல்லை எடுத்துப் பார்ப்போம்.

வளவு: முதலில் இன்றைய பொருள்

ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கத்துச் சிற்றூர்களில் 'அந்த வளவுல யாரூட்டுக்குங்க போறீங்க?' என்று கேட்பது சாதாரணம். சேலம் பக்கம் காட்டு வளவு, புது வளவு என்று குடியிருப்புகளுக்கே பெயர் உண்டு. வளவு என்பது வீடுகளின் ஒரு கூட்டம். பழைய வளவுகளில் வீடுகள் ஒரு பொதுவாசலைப் பார்த்தபடி சுற்றி நிற்கும். நுழைய ஒரு வழி. நடுவில் கோழி மேயும், தானியம் காயும். பெரும்பாலும் பங்காளிகளோ ஒரே தொழில்காரர்களோ சேர்ந்து இருப்பார்கள். அதனால் வளவுக்கு முன்னால் ஒரு குடும்பத்தின் பெயரோ தொழிலின் பெயரோ சாதியின் பெயரோ ஒட்டிக்கொள்ளும்.

வட்டார அகராதியும் காதும் தரவேண்டியது இந்த விவரம்தான். இது கையில் இல்லாமல் வேர் தேடப் போனால், கிடைக்கிற எந்த வேரும் பொருத்தமாகவே தோன்றும். 'வளவு என்றால் தெரு' என்று மட்டும் குறித்துக்கொண்டு போனவருக்கு, வளைந்த தெரு என்று ஒரு விளக்கம் சட்டென்று கிடைக்கும். உண்மையில் சில பெயர்ப்பலகைகளில் வளவை 'வளைவு' என்று 'திருத்தி' எழுதியிருப்பதைப் பார்க்கலாம். படிப்பவர் அங்கே ஒரு சாலைத் திருப்பத்தைத் தேடுவார்.

ஆகவே அகராதியைத் திறக்கும் முன் ஒரு தாளில் மூன்று குறிப்பு வேண்டும்: அந்தச் சொல் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்கவில்லை, பக்கத்துச் சொல்லிலிருந்து எங்கே வேறுபடுகிறது. வளவு விஷயத்தில் மூன்றாவதுதான் முக்கியம். தெரு என்பது ஒரு கோடு. ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறலாம். வளவுக்குள் போனவர் திரும்பித்தான் வரவேண்டும். கொங்கு வட்டார அகராதியின் எல்லை இத்தோடு முடிகிறது. அது பிறப்பைச் சொல்ல வந்த நூல் அல்ல. அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை.

லெக்சிகன்: சாட்சி கேட்கும் இடம்

தமிழ் லெக்சிகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. பதிப்பாசிரியர் குழுவுக்கு நெடுங்காலம் தலைமை ஏற்றிருந்தவர் வையாபுரிப் பிள்ளை. அதில் பிறப்பு சொல்லும் முறை மிகச் சுருக்கம். தலைச்சொல்லுக்குப் பின்னால் இடப்பக்கம் கூர்ந்த '<' குறி இருந்தால், அதற்குப் பிறகு வருவதிலிருந்து இச்சொல் பிறந்தது என்று பொருள். சதுர அடைப்புக்குள் T., K., M. என்று வந்தால் தெலுங்கு, கன்னடம், மலையாளத்தில் உள்ள இணைச்சொற்கள். J. என்று இருந்தால் யாழ்ப்பாண வழக்கு, Loc. என்றால் வட்டார வழக்கு. ஆனால் எந்த வட்டாரம் என்று Loc. சொல்லாது. கொங்குக்காரருக்கு இது எரிச்சல் தரும் இடம்.

லெக்சிகனின் பலம் மேற்கோள். வளவின் உறவான 'வளாகம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி வளாகம், ஆட்சியர் அலுவலக வளாகம் என்று இன்று தினமும் எழுதுகிறோம். புறநானூற்றின் 189ஆம் பாட்டு 'தெண்கடல் வளாகம் பொதுமை இன்றி' என்று தொடங்குகிறது. கடலால் சூழப்பட்ட நிலம் என்பது அங்கே பொருள். ஆக, சூழ்ந்து அடைபட்ட இடத்துக்கு இந்தச் சொற்குடும்பம் பெயராக வந்தது நேற்று முந்தாநாள் அல்ல, சங்க காலத்திலேயே இருக்கிறது. இப்படி ஒரு சாட்சியைப் பரோ–எமனோ தரமாட்டார்கள். அந்த அகராதியில் நூல் மேற்கோளும் கிடையாது, காலமும் கிடையாது.

பலவீனம் '<' குறியில் இருக்கிறது. வடமொழிச் சாயல் தெரிந்தால் லெக்சிகன் வடமொழிப் பக்கம் கையைக் காட்டிவிடும் என்று பாவாணர் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டார். எல்லாச் சொல்லிலும் அவர் சொன்னது சரி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குறியை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் அவர் பக்கம்தான் நிற்பேன். அது ஒரு கருத்து. அதற்கான காரணத்தை அந்தப் பக்கத்தில் எழுத இடமில்லாமல் தந்த கருத்து.

பரோ–எமனோ: உறவுமொழிகளைக் கேட்பது

இப்போதுதான் நான்காவது நூலுக்கு வருகிறோம். சிகாகோ பல்கலைக்கழகம் இதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது; கைப்பேசியிலேயே பார்க்கலாம். முகவரி dsal.uchicago.edu. லெக்சிகனும் அங்கேயே இருக்கிறது.

முதல் தடங்கல் எழுத்து. சொற்கள் எல்லாம் ரோமன் எழுத்தில் புள்ளியும் கோடும் இட்டு அச்சாகியிருக்கும். ள என்பது ḷ, ற என்பது ṟ, ண என்பது ṇ, ட என்பது ṭ, ச என்பது c. ழகரத்துக்கும் தனிக் குறி உண்டு. இந்த ஆறும் பழகிவிட்டால் பெரும்பாலும் போதும். ள, ழ இரண்டின் குறிகளையும் குழப்பிக்கொண்டால் வேறொரு குடும்பத்துக்குள் போய் நின்றுவிடுவோம். தேடுகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். கொங்குப் பேச்சில் ழகரம் பல இடங்களில் ளகரமாக ஒலிப்பதால், காதில் விழுந்த ள-வை அப்படியே தேடாமல் ழ-வையும் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தடங்கல், நாம் தேடும் பேச்சு வடிவம் தலைச்சொல்லாக இருக்காது. 'வளவு' என்று போகாமல் அதன் வினையைப் பிடித்து vaḷai என்று போகவேண்டும். அந்த இடத்துக்கு எப்படி வருவது? நம் பேச்சையே கவனித்தால் வழி தெரியும். நினைவு 'நெனவு' ஆகிறது, நினைப்பு 'நெனப்பு' ஆகிறது. சொல்லின் நடுவே வரும் ஐகாரம் குறுகி அகரமாகிவிடுகிறது. அதே போக்கில் வளைவு 'வளவு' ஆகும். ஆகவே மேலே சொன்ன பெயர்ப்பலகைக்காரர் எழுத்தைப் பொறுத்தவரை தவறவில்லை. வளை என்பதற்கு இரண்டு பொருள் உண்டு என்பதில்தான் தவறிவிட்டார். வளைதல் என்றால் கோணுதல் மட்டுமல்ல, சூழ்தலும்தான். 'போலீஸ் வீட்டை வளைத்துவிட்டது' என்று இன்றும் சொல்கிறோமே, அந்த வளைத்தல்.

இரண்டில் எது என்பதை எப்படி முடிவு செய்வது? இங்கேதான் உறவுமொழிகள் வேண்டும். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் மலையாளத்தில் 'வளப்பு' என்று ஒரு சொல் இருக்கிறது. வீட்டைச் சுற்றி வேலியோ சுவரோ கட்டி அடைத்த மனைக்கு அதுதான் பெயர். பள்ளி வளாகத்தையும் வளப்பு என்பார்கள். மலையாளத்தில் சொல்லிறுதி ஐ அகரமாவது வாடிக்கை: தலை என்பது தல, வளை என்பது வள. எனவே வளப்பு என்பது நம் 'வளைப்பு'தான், நெனப்பு போல. யாழ்ப்பாணத்தில் வீடும் அதைச் சுற்றி வேலி அடைத்த நிலமும் சேர்ந்தது வளவு. செட்டிநாட்டு வீடுகளில் நாற்புறமும் அறைகளும் தூண்களும் சூழ்ந்த உள்முற்றப் பகுதிக்கு வளவு என்று பெயர். சிங்களத்தில் பெருந்தனக்காரர் மாளிகையைக் குறிக்கும் 'வளவ்வ' என்ற சொல்லும் இதிலிருந்து போனது என்பதே பலருடைய கருத்து.

கொங்கையும் சேர்த்து ஐந்து இடங்கள், நான்கு வெவ்வேறு பொருள்கள்: வேலியடைத்த மனை, முற்றம், மாளிகை, வீட்டுக்கூட்டம். எதிலும் கோணல் இல்லை. எல்லாவற்றிலும் சூழ்தல் இருக்கிறது. கொங்கு வளவு வளைந்த தெரு அல்ல, சூழ்ந்து அடைந்த குடியிருப்பு என்று இதன்பிறகு தைரியமாக எழுதலாம்.

எதிர்த்தரப்பையும் ஒருமுறை நிறுத்திக் கேட்டுவிட வேண்டும். வளவு என்பது வளத்திலிருந்து வந்தது, வளம் பெருகிய குடிகள் இருந்த இடம், சோழனுக்கு வளவன் என்று பெயர் இருக்கிறதே என்று ஒருவர் சொல்லலாம். எழுத்து ஒத்துப்போகிறது, கேட்கவும் இனிமை. ஆனால் யாழ்ப்பாண வேலியையும் மலையாள வளப்பையும் செட்டிநாட்டு முற்றத்தையும் வளத்தால் ஒன்றாகக் கட்ட முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனிக்கதை சொல்லவேண்டி வரும். ஒரே விளக்கம் எத்தனை இடத்து வழக்கைத் தாங்குகிறது என்று பார்ப்பதுதான் இதில் உரைகல். வளம் ஓர் ஊரைத் தாங்கும். வளைத்தல் எல்லாவற்றையும் தாங்கும்.

கன்னடப் பக்கத்தையும் பார்த்துவிடலாம். தாளவாடிப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்களிடம் கேட்டால் வளையலுக்கு 'பளெ' என்பார்கள். பஸ் என்பதில் வரும் ப. தமிழில் சொல்முதலில் வரும் வகரம் கன்னடத்தில் இந்த ஒலியாக மாறுவது முறையானது: நம் வண்டி அவர்களுக்கு 'பண்டி'. இந்த ஒலிமாற்ற முறைதான் இந்தத் துறையின் முதுகெலும்பு. ஒலி முறையாக மாறியிருந்தால் உறவு. சும்மா காதுக்கு ஒத்திருந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். அதே குடும்பத்தில் கன்னடத்தில் 'பளசு' என்று ஒரு வினை உண்டு. சுற்றிப்போதல், சூழ்தல் என்பவை அதன் பழைய பொருள்கள். இன்று கன்னடத்தில் அதைப் 'பயன்படுத்து' என்ற பொருளில்தான் பெரிதும் வழங்குகிறார்கள். வேர் எது என்று தெரிந்த பிறகும் இன்றைய பொருளை அது சொல்லிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

இந்த அகராதியின் எல்லைகளையும் சொல்லவேண்டும். 5,500க்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தாலும், எதிலும் மூலவடிவம் இதுதான் என்று மீட்டுருவாக்கித் தரப்படவில்லை. சொற்கள் வரிசையாக நிற்கும். அவற்றிலிருந்து மூலத்தை ஊகிப்பது நம் வேலை. எமனோ 1930களில் நீலகிரியில் இருந்து கோத்தர், தோடர் மொழிகளைக் காதால் கேட்டு எழுதியவர். அதனால் நமக்குக் கூப்பிடு தூரத்து மலைமொழிகள் இதில் நுட்பமாக இருக்கின்றன. ஆனால் மலையடிவாரத்தில் நாம் பேசும் தமிழ் அப்படிப் பதிவாகவில்லை. தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் லெக்சிகனிலிருந்து எடுத்தவை. லெக்சிகன் விட்ட கொங்குச் சொல்லை இதுவும் விட்டிருக்கவே வாய்ப்பு அதிகம்.

பாவாணர் வழி

பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் என்பதால் நம் பக்கத்தில் அவருக்குத் தனி மதிப்பு உண்டு. அகரமுதலித் திட்டம் 1974இல் அவரை இயக்குநராகக் கொண்டு தொடங்கியது. 1981இல் அவர் மறைந்தார். முதல் மடலம் வெளிவந்தது 1985இல். அதன்பிறகு பலர் உழைத்து முடித்தார்கள்.

பாவாணர் முறையின் சுகம், சொற்களைக் குடும்பமாகப் பார்க்கவைப்பது. வள் என்ற வேரில் வளைவுக் கருத்தை வைத்து, வளை, வளையம், வளாகம், வட்டு, வட்டம் என்று ஒரு கிளையாக விரித்துக்கொண்டே போகலாம். நாம் யோசிக்காத உறவு ஒன்று அங்கே கண்ணில் படும். வளவை ஆராய்கிறவர் இந்தக் கிளையைப் பார்த்திருந்தால் வளாகம் தானாகவே நினைவுக்கு வந்திருக்கும்.

சிரமம், அது எங்கே நிறுத்தவேண்டும் என்று சொல்வதில்லை. வட்டத்தை லெக்சிகன் 'வ்ருத்த' என்ற வடசொல்லிலிருந்து பிராகிருதம் வழியாக வந்ததாகக் கொள்கிறது. பாவாணர் மரபு வள், வட்டு, வட்டம் என்று தமிழுக்குள்ளேயே முடிக்கிறது. இரண்டும் ஒலியளவில் நடக்கக்கூடியவைதான். ஆனால் தமிழே மூலம் என்ற முடிவை முன்னால் வைத்துக்கொண்டு தொடங்கினால், எதிர்ச்சான்று வரும்போது கேட்கக் காது இருக்காது. அதனால் எனக்கு இந்த நூல் யோசனை கேட்கும் இடம். தீர்ப்புக் கேட்கும் இடம் அல்ல. அதில் கிடைத்த உறவைக் கன்னடத்திலோ மலையாளத்திலோ தெலுங்கிலோ ஒரு முறையான இணைச்சொல் தாங்கினால் எடுத்துக்கொள்வேன், இல்லையென்றால் விட்டுவிடுவேன். விலையும் இடமும் வேறு கணக்கு: பன்னிரண்டு மடலம், முப்பத்தொரு பகுதி. வீட்டில் வாங்கி அடுக்குகிற நூல் அல்ல. நூலகத்தில் போய்ப் பார்ப்பதே நடைமுறை.

சாளை: அகராதி கைவிடும் இடம்

பரோ–எமனோவில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் என்ன பொருள்? பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 'வேரே இல்லாத கொங்குச் சொல்' என்று பெருமையாக எழுதியவர்களும் உண்டு.

கோவை, திருப்பூர்ப் பக்கத்தில் தோட்டத்தில் இருக்கும் வீடு சாளை. முன்பு ஓலையோ பயிர்த் தாளோ வேய்ந்தது, பிறகு ஓடு போட்டது. இப்போது தளம் போட்டாலும் பெரியவர்கள் சாளை என்றுதான் சொல்வார்கள். இந்தச் சொல்லைத் தேடினால் மத்திச் சாளை மீன் குறுக்கே வரும். மீனுக்கும் வீட்டுக்கும் தொடர்பு கட்டுவதற்கு முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரே எழுத்தில் இரண்டு சொல் இருப்பது எல்லா மொழியிலும் உண்டு. மலையாளத்திலும் 'சாள' என்றால் மீனும் உண்டு, குடிசையும் உண்டு. அங்கேயும் அவை இரண்டு சொற்கள்.

பரோ–எமனோ திராவிடச் சொற்களுக்கான அகராதி. வடமொழியிலிருந்து வந்தவை என்று அவர்கள் கருதியவற்றை அதில் சேர்க்கவில்லை. அவற்றில் ஒரு பகுதியை 1962இல் தனி நூலாக வெளியிட்டார்கள். எனவே திராவிட அகராதி மௌனமாக இருந்தால், அடுத்த கேள்வி 'இது கடன்சொல்லா' என்பதாக இருக்கவேண்டும். சாளையை அப்படிக் கேட்டால் 'சாலை' தெரிகிறது. பாடசாலை, தொழிற்சாலை என்பவற்றில் உள்ள சாலை. கட்டடம், கூடம் என்ற பொருளில் 'சாலா' என்ற வடசொல். இந்திய-ஆரிய மொழிகளின் ஒப்பீட்டுக்கு டர்னர் 1966இல் முடித்த அகராதி இருக்கிறது; அதுவும் அதே சிகாகோ தளத்தில் கிடைக்கிறது. மராத்தியில் பள்ளிக்கூடம் 'ஷாளா' என்று ளகரத்தோடு ஒலிக்கும். தனி லகரம் ளகரமாக நிற்பது விநோதமல்ல என்பதற்கு அது ஒரு சான்று.

இதனால் நமக்கு என்ன லாபம்? எழுத்துத் தமிழில் சாலை என்று தனியாகச் சொன்னால் இன்று வண்டி போகும் சாலைதான். கட்டடம் என்ற பொருள் கூட்டுச்சொற்களுக்குள் மட்டும் ஒளிந்துகொண்டது. கொங்கு ளகரத்தை வைத்துக்கொண்டு அந்தப் பழைய பொருளைத் தனிச்சொல்லாகவே காப்பாற்றியிருக்கிறது. சாளை வடமொழி வழி வந்தது என்று எழுதினால் ஊரில் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அந்த வீட்டைக் கட்டியவர்கள் நம் ஆட்கள் என்பதை அது மாற்றிவிடாது.

காடு: வேர் சரி, பொருள் வேறு

கடைசியாக, வேர் தெளிவாகத் தெரிந்தும் இன்றைய பொருளுக்கு அது போதாத ஒரு சொல். மற்ற தமிழ்ப் பகுதிகளில் இருந்து வந்தவர்கள் கொங்கில் முதலில் திகைப்பது இதில்தான். 'ஐயன் இருக்காருங்களா?' என்று கேட்டால் 'காட்டுக்குப் போயிருக்காருங்க' என்று பதில் வரும். புலிக் காடு அல்ல, மானாவாரி நிலம். கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம், வாய்க்கால் பாய்வது வயல், மழையை நம்பியது காடு. மேட்டுக்காடு, சோளக்காடு, கடலைக்காடு என்று விளைவதை முன்னால் வைத்துச் சொல்வதும் உண்டு.

பரோ–எமனோவில் போனால் உறவுமொழிகள் வரிசையாக வனத்தைச் சொல்லும். கன்னடத்தில் 'காடு' வனம், மலையாளத்தில் வனம். தெலுங்கில் 'வல்லகாடு' என்றால் சுடலை. நம் சுடுகாடு, இடுகாடு இருக்கும் பொருட்பக்கம். இதையெல்லாம் வைத்துப் பழைய பொருள் என்ன என்று கேட்டால், குடியிருப்புக்கு வெளியே உள்ள, மனிதக் கை படாத நிலம் என்று நியாயமாகச் சொல்லலாம். ஆனால் உழுது விதைத்து அறுக்கும் நிலம் என்ற கொங்குப் பொருள், அந்தப் பொருளுக்கு நேர் எதிர். எந்த உறவுமொழியும் இதை விளக்காது.

விளக்கம் அகராதிக்கு வெளியே, நிலத்தில் இருக்கிறது. பட்டினப்பாலை கரிகாலனைப் பற்றிச் சொல்லும்போது 'காடு கொன்று நாடாக்கி, குளம் தொட்டு வளம் பெருக்கி' என்கிறது. காட்டை அழித்து நாடாக்கினால் பெயரும் மாறவேண்டும் என்பது அந்த வரியின் கணக்கு. கொங்கின் கணக்கு வேறு. காட்டைத் திருத்தி உழுதார்கள். நீர் வந்த இடம் தோட்டம் என்றும் வயல் என்றும் புதுப்பெயர் பெற்றது. நீர் வராத இடம் திருத்தப்பட்ட பிறகும் பழைய பெயரிலேயே நின்றுவிட்டது. இது என் ஊகம்தான். ஆனால் காடு, தோட்டம், வயல் மூன்றும் கொங்கில் நீரை வைத்தே பிரிக்கப்படுகின்றன என்பது அதற்குத் துணை நிற்கிறது. பத்திரத்தில் காடு என்று இருப்பதைப் பார்த்து, அங்கே வனம் இருந்ததாக ஊர் வரலாற்றில் ஓர் அத்தியாயம் எழுதிவிட்டால் அது வேரைப் பார்த்துப் பொருளைத் தவறவிட்டதாகும். அப்பன் காலத்திலேயே அது கம்பு விளைந்த காடாக இருந்திருக்கும்.

ஆகவே யாராவது 'ஒன்றுதான் பார்க்க நேரம், எதைப் பார்ப்பது?' என்று கேட்டால் என் பதில் கேள்வியைப் பொறுத்தது. மலருக்கு ஊர்ச்சொற்களின் பொருள் பட்டியல் மட்டும் வேண்டுமென்றால் வட்டார அகராதியும் நாலு பெரியவர்களும் போதும். பிறப்பில் கை வைக்க வேண்டாம். பிறப்பும் வேண்டுமென்றால், பொருளை முதலில் தாளில் எழுதிக்கொண்டு சிகாகோ தளத்தைத் திறந்து, பரோ–எமனோவில் குடும்பத்தையும் லெக்சிகனில் சாட்சியையும் பாருங்கள், இரண்டுக்கும் காசில்லை. இரண்டும் ஒத்துப்போகாதபோது பேரகரமுதலிக்காக மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு நடை போகலாம். அச்சுக்குக் கொடுக்கும்போது 'வளவு: சூழ்ந்து அமைந்த வீடுகளின் கூட்டம், வளை (சூழ்) என்ற வினையிலிருந்து, மலையாளம் வளப்பு, யாழ்ப்பாணம் வளவு ஒப்பிடுக' என்று இரண்டு வரியில் முடித்துவிடலாம். காட்டுக்கு மட்டும் வேரையும் பொருளையும் தனித்தனி வாக்கியமாக எழுதி, இரண்டாவதற்கு முன்னால் 'இங்கே' என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.